வெறுங்கையும் வெற்றிக் கோப்பையும்

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்திற்கும் இடையே உள்ள கடலோரச் சிற்றூர் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன், பங்கின் பொன்விழாவையொட்டி இளையோருக்கான விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள், கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்த பதினைந்து வயதுச் சிறுமி. பரிசளிப்பு அன்று மாலையே நடந்தது. ஆனால் மதுரையில் சொல்லி வைத்திருந்த வெற்றிக் கோப்பை வந்து சேரவில்லை. முன்பணம் அனுப்பத் தவறியவர்கள் விழாக் குழுவினராகிய நாமே. சிறப்பு விருந்தினர் ஓர் உறையை அவள் கையில் கொடுத்தார். கூட்டம் கைதட்டியது. நிழற்படமும் எடுக்கப்பட்டது. கோப்பை மறுநாள் காலைப் பேருந்தில் வந்தது.

பொன்விழா மலர் அச்சுக்குப் போகும் வேளையில் அந்தப் படம் நம் கைக்கு வந்தது. மற்ற வெற்றியாளர்கள் எல்லாரும் கேடயத்தோடு நிற்க, முதற்பரிசு பெற்றவள் மட்டும் ஓர் உறையோடு நின்றாள். பார்க்கச் சங்கடமாக இருந்தது. “கோப்பை அவளுடையதுதானே, மறுநாள் கொடுத்தும் விட்டோம். படத்தில் அதைச் சேர்த்துவிட்டால் என்ன?” என்று ஒருவர் கேட்டார். நாமும் தலையசைத்தோம். அந்தத் தலையசைப்பைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறோம். உண்மையாகவே வென்ற ஒருவரின் கையில், உண்மையாகவே அவருக்குரிய கோப்பையை வைத்துக் காட்டும் படம் பொய்யாகுமா?

இதற்கு விடை தேடுமுன், அந்த வேலை எப்படிச் செய்யப்படுகிறது என்பதை நிழற்படக் கலைஞரின் பக்கத்தில் அமர்ந்து பார்த்தோம். பார்த்தது நமக்குப் பாடமாயிற்று.

முதலில் அவர் கோப்பையைத் தம் நிலையத்திலேயே வைத்துப் படமெடுத்து, கணினியில் அந்தச் சிறுமியின் கைமேல் ஒட்டினார். பார்த்தவுடனேயே ஏதோ பொருந்தவில்லை என்று தெரிந்தது. “வெளிச்சம் ஒத்து வரலீங்க ஐயா” என்றார் அவர். விழா மேடையில் மாலை நான்கரை மணி வெயில் வலப்பக்கத்திலிருந்து சாய்வாக விழுந்திருந்தது. மேலே நீலத் தார்ப்பாய்ப் பந்தல். கீழே வெண்மணல், அதில் பட்டுத் திரும்பிய ஒளி அவளுடைய முகவாய்க்கு அடியிலும் படிந்திருந்தது. நிலையத்தில் எடுத்த கோப்பையிலோ குழல்விளக்கின் ஒளி. உலோகம் ஒரு கண்ணாடியைப் போன்றது. தன்னைச் சுற்றியுள்ளதையெல்லாம் தன்மேல் வளைத்துக் காட்டும். அந்தக் கோப்பையின் வயிற்றில் நீண்ட வெள்ளைக் கோடாகக் குழல்விளக்கு மின்னியது. விளக்கே இல்லாத கடற்கரைப் பந்தலில் அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று எந்தக் கோப்பையாலும் விடை சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய இடர்ப்பாடு கையில் இருந்தது. உறையைப் பிடிக்கும் கை வேறு, கோப்பையைப் பிடிக்கும் கை வேறு. உறையைக் கட்டைவிரல் முன்னும் மற்ற விரல்கள் பின்னுமாக இலேசாகக் கிள்ளிப் பிடிக்கிறோம். கோப்பையின் தண்டையோ விரல்கள் சுற்றி வளைத்துப் பற்றுகின்றன; மற்றொரு கை அடிப்பீடத்தைத் தாங்குகிறது. விரல்கள் கோப்பைக்கு முன்னால் தெரிய வேண்டும், உள்ளங்கை அதற்குப் பின்னால் மறைய வேண்டும். அழுத்தும் இடத்தில் தோல் சற்று வெளுக்கும். விரலும் உலோகமும் தொடுகிற கோட்டில் மெல்லிய கருநிழல் ஒன்று விழும். அந்த நிழல் இல்லாவிட்டால் கோப்பை கையில் இராமல் காற்றில் மிதப்பது போலிருக்கும். உறையைக் கிள்ளிய விரல்களை எவ்வளவு இழுத்தாலும் வளைத்தாலும் அவை கோப்பையைப் பற்றும் விரல்களாக மாறுவதில்லை.

ஆகவே கலைஞர் வேறு வழி கண்டார். அதே உயரமும் ஏறக்குறைய அதே நிறமும் உடைய மற்றொரு சிறுமியை, அதே திடலில், அதே மாலை வேளையில், அதே நீலப் பந்தலின்கீழ் நிறுத்தினார். உண்மையான கோப்பையை அவள் கையில் கொடுத்தார். விழாவன்று நின்ற அதே தூரத்திலிருந்து படமெடுத்தார். பிறகு முழங்கைக்குக் கீழே அந்தக் கைகளையும் கோப்பையையும் எடுத்து, முதற் படத்தின்மேல் ஓர் அடுக்காக வைத்து, ஓரங்களை மென்மையாக்கி, புள்ளிகளின் சொரசொரப்பும் கூர்மையும் இரண்டிலும் ஒன்றாக இருக்குமாறு பார்த்துக்கொண்டார். சட்டையின்மேல் கோப்பையின் நிழலை இலேசாகத் தீட்டினார். முழுதாக ஒன்றரை நாள் வேலை. ஒளி பொருந்தியது, பிடியும் பொருந்தியது. நாம் வியந்து பாராட்டினோம்.

பொருந்தாமற்போனது ஒன்றுதான், அதை அவரே சுட்டிக் காட்டினார். பீடத்தோடு சேர்ந்து அந்தக் கோப்பை ஒன்றரை கிலோ இருக்கும். அதைத் தாங்குகிறவரின் தோள் சற்றுக் கீழே இறங்கும். உடல் மெல்லப் பின்சாயும். படத்தில் இருந்த சிறுமியின் தோளோ ஓர் உறையை மட்டும் ஏந்திய தோளாகவே இருந்தது. “பாரத்தை மட்டும் வரைய முடியாதுங்க ஐயா” என்று சிரித்தார்.

மலர் வெளியாயிற்று. முதற் படியை அந்தச் சிறுமியின் வீட்டிற்கு நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம். தாய் அன்று கடலுக்குப் போகவில்லை. படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஐயா, இது எம் மக கை இல்லையே.”

நாம் கவனியாத ஒன்றை அவர் கண்டுவிட்டார். இராமேசுவரம் தீவிலும் மன்னார் வளைகுடாக் கரையிலும் பாசி எடுக்கும் பெண்கள் ஆழமில்லாக் கடலில் மூச்சடக்கி மூழ்கி, பாறையிலும் பவளத்திட்டிலும் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிப்பவர்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டாலும் பவளம் கீறாமல் விடாது. பள்ளி விடுமுறைகளில் தாயோடு போய்வந்த அந்தப் பெண்ணின் விரல்களிலும் கீறல்கள் ஆறிய வடுக்கள் இருந்தன. மலரில் இருந்தவையோ வடு ஒன்றும் இல்லாத, வேறொரு வீட்டுப் பிள்ளையின் கைகள். சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. நெடுநேரம் கழித்து, “அன்னிக்கு என் கையில கோப்பை இல்லையே” என்றாள். குறையாகச் சொன்னாளா, திருத்தமாகச் சொன்னாளா என்று இன்றும் நமக்குத் தெரியவில்லை.

பின்னர் நடந்தது இன்னும் கசப்பானது. விழாவன்று யாரோ கைப்பேசியில் எடுத்த படம் ஊரில் சுற்றியது. அதில் அவள் கையில் உறைதான் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த சிலர், “கோப்பையே ஒட்டுவேலை என்றால் ஓட்டமும் ஒட்டுவேலைதானோ?” என்று பேசத் தொடங்கினர். மெய்யாக ஓடி மெய்யாக வென்ற ஒரு பிள்ளையின் வெற்றியை ஐயத்திற்கு உள்ளாக்கியது நம் நல்லெண்ணம்.

இந்தச் சிக்கல் ஒரு சிற்றூருக்கு மட்டும் உரியதன்று. 2015 திசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தபோது, பிரதமர் விமானத்திலிருந்து அதைப் பார்வையிட்டார். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்ட படங்களுள் ஒன்றில், அவர் அமர்ந்திருந்த சாளரத்தின் வழியே வெள்ளத்தில் நிற்கும் வீடுகள் மிகத் தெளிவாகத் தெரிந்தன. இரண்டு படங்களை இணைத்து அது உருவாக்கப்பட்டது என்பதை மக்கள் உடனே கண்டுகொண்டனர். அலுவலகம் படத்தை நீக்கி, வருத்தமும் தெரிவித்தது. இங்கே பொய்யான துணுக்கு எது? வெள்ளம் உண்மை, பயணம் உண்மை, அவர் வெளியே பார்த்ததும் உண்மை. ஒவ்வொரு துண்டும் உண்மையாயிருந்தும், ஒன்றாகச் சேர்ந்தபோது நிகழாத ஒரு கணம் பிறந்தது.

நமது இராமநாதபுரம் மாவட்டத்திலேயே 2023-இல் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. சக்கர நாற்காலிக் கிரிக்கெட்டில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி வெளிநாட்டில் கோப்பை வென்றதாகக் கூறிய ஒருவர், கோப்பையோடு முதலமைச்சரைச் சந்தித்தார். படங்கள் நாளேடுகளில் வந்தன. அந்த வெற்றி நிகழவே இல்லை என்பது பின்னர் தெரியவந்து, காவல்துறை வழக்குப் பதிந்தது. அந்தப் படங்களில் எவரும் கோப்பையை ஒட்டவில்லை. ஒளி மெய், பிடி மெய், கோப்பையின் பாரமும் மெய். பொய்யானது வெற்றி ஒன்றுதான். நம் ஊர்ப் படத்திலோ வெற்றி ஒன்றே மெய். கையும் ஒளியும் நிழலும் பொய்.

இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கையில், நிழற்படம் எதைச் சொல்கிறது என்ற வினா தெளிவாகிறது. ‘இவள் வென்றாள்’ என்று நிழற்படம் சொல்வதில்லை. அதைச் சொல்வது பட்டியலும் நடுவரின் கையெழுத்தும். நிழற்படம் சொல்வது இவ்வளவே: ‘இந்த நாளில், இந்த இடத்தில், இந்த மனிதருக்கு முன்னால், இவள் கையில் இது இருந்தது, ஒளி இவற்றின்மேல் பட்டு என்னை வந்தடைந்தது.’ அது கருத்துரை கூறுவதில்லை, சாட்சி சொல்கிறது. ஆகவே வெற்றி உண்மை என்பது படத்தில் செய்த மாற்றத்திற்கு விடையாகாது. ஒரு வழக்கில் குற்றவாளி உண்மையிலேயே குற்றவாளிதான் என்பதற்காக, நிகழ்விடத்தில் இராத ஒருவர் ‘நான் கண்ணால் கண்டேன்’ என்று கூண்டிலேறிச் சொல்லலாமா? எட்டாம் கட்டளை ‘பொய் சொல்லாதே’ என்ற பொதுச் சொல்லோடு நில்லாமல், பொய்ச் சாட்சியைப் பெயர் சொல்லி விலக்குவதன் ஆழம் இங்கே விளங்குகிறது.

அப்படியானால் சேர்த்து வரையப்பட்ட படங்கள் எல்லாமே குற்றமா? நம் ஆலயங்களில் மறைசாட்சியரின் கையில் குருத்தோலை இருக்கக் காண்கிறோம். பண்டை உரோமையில் போட்டியில் வென்றவர்களுக்குத் தரப்பட்ட ஓலை அது, வெற்றிப் பரிசேதான். கொலைக்களத்தில் எவரும் அதை அவர்கள் கையில் கொடுக்கவில்லை. ஓவியர்களே வைத்தார்கள். எனினும் எவரும் ஏமாறுவதில்லை. அது விசுவாசத்தின் மொழி என்று பார்க்கிறவர் அறிவார். பழைய நிழற்பட நிலையங்களில், இறந்துபோன தந்தையின் படத்தை வெட்டிக் குடும்பப் படத்தில் ஒட்டித் தருவார்கள். அந்த வீட்டார் அனைவருக்கும் அது தெரியும். அது ஏமாற்று அன்று, ஏக்கம். புனித அகுஸ்தீனார் தம் ‘தன்னுரைகள்’ நூலில் இதைத் தொட்டுச் செல்கிறார். ஓவியத்தில் உள்ள குதிரை பொய்யான குதிரையாக இருந்தால்தான் அது மெய்யான ஓவியமாகும் என்பது அவரது எண்ணம். ஓவியம் தன்னை ஓவியம் என்று ஒப்புக்கொள்கிறது; அதனால் அது பொய்யுரைப்பதில்லை. கோப்பை ஒட்டிய நம் படமோ, தன்னை ஓவியம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஒளியும் பிடியும் பொருந்தும்படி ஒன்றரை நாள் உழைத்ததே, அது ஓவியம் என்று எவருக்கும் தெரியாதிருக்கத்தானே! திறமையின் ஒவ்வொரு படியும் பார்ப்பவரின் ஐயத்தை அகற்றச் செலவிடப்பட்டது.

புனித தாமஸ் அக்குவினாரும், பொய் என்பது வாய்ச்சொல்லில் மட்டும் அடங்குவதன்று, செயலாலும் குறிகளாலும் பொய்யுரைக்கலாம் என்று கற்பிக்கிறார். பிறருக்குத் தீங்கு செய்யும் பொய், உதவுவதற்காகச் சொல்லும் பொய், வேடிக்கைக்காகச் சொல்லும் பொய் என்று அவர் பகுத்து, உதவிக்கான பொய்யின் கனத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார். ஆயினும் அதையும் குற்றமற்றது என்று விட்டுவிடவில்லை. குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் வழி நின்று நம்முள் ஒருவர் வாதிட்டார். நல்ல வாதம்தான். ஆனால் அந்தக் குறளின் நிபந்தனை கடுமையானது. விளையும் நன்மை குற்றமற்றதாக இருக்கவேண்டும். நம் படத்தால் நன்மை அடைந்தவர் யார்? சிறுமியிடம் கோப்பை ஏற்கெனவே இருந்தது. படத்தால் மறைந்தது நம் கவனக்குறைவு ஒன்றே. அவளுக்குச் செய்யும் உதவி என்ற பெயரில் நமக்கு நாமே உதவிக்கொண்டோம். ஏழை வீட்டுப் பிள்ளை மேடையில் வெறுங்கையோடு நிற்க நேர்ந்ததே, அந்த அநீதியின் ஒரே சான்றையும் நாம் அழித்துவிட்டோம்.

‘சிறிய மாற்றம்தானே’ என்று சொல்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. 2014 சனவரியில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் நர்சிசோ கொன்றேராஸ் என்ற படக்கலைஞரோடு தன் தொடர்பை முறித்துக்கொண்டது. சிரியாவின் போர்க்களப் படங்களுக்காகப் புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் ஒருவர் அவர். போர்வீரர் ஒருவரைக் காட்டும் படத்தின் மூலையில் கிடந்த, உடன் பணியாற்றிய ஒருவரின் ஒளிப்பதிவுக் கருவியை மட்டும் அவர் நீக்கியிருந்தார். போரின் போக்குக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அவருடைய ஏறக்குறைய ஐந்நூறு படங்களை நிறுவனம் ஆராய்ந்து, வேறு பிழை எதையும் காணவில்லை. ஆயினும் விட்டுக்கொடுக்கவில்லை. மூலையில் கிடந்த கருவிக்கும் படத்தில் இருந்த போர்வீரருக்கும் வேறுபாடு காணும் உரிமையைப் படமெடுப்பவரிடம் கொடுத்துவிட்டால், பிறகு எந்தப் படத்தை நம்புவது? வெளிச்சக் குறைவைச் சற்றுக் கூட்டுவதும் ஓரத்தை நறுக்குவதும் ஏற்கத்தக்கவை. அவை ஒளி கொணர்ந்ததைத் தெளிவாக்குகின்றன. நறுக்குவதிலும் வஞ்சகம் செய்யலாம் என்பது உண்மையே. ஆனால் ஒளி கொணராத ஒன்றைச் சேர்ப்பது வேறொரு எல்லையைக் கடப்பதாகும்.

ஐயத்துக்குரிய படத்தைப் பரிசோதிக்க எளிய வழி ஒன்றையும் வாசகர் அறிந்திருப்பது நல்லது. நிழற்பட மோசடிகளை ஆய்ந்த அமெரிக்க அறிஞர் ஹனி பரீத்தும் அவருடைய துணைவர்களும் விளக்கிய முறை இது. படத்தில் விழும் ஒரு நிழலின் முனையிலிருந்து, அதை உண்டாக்கிய பொருளின் அதே முனை வழியாக அளவுகோலால் ஒரு நேர்கோடு இடுங்கள். மற்றொரு நிழலுக்கும் அவ்வாறே செய்யுங்கள். ஒரே ஞாயிற்றின் ஒளியானால் கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியை நோக்கிச் செல்லும். ஒட்டப்பட்ட பொருளின் கோடு மட்டும் தனிவழி போகும். பளபளக்கும் பொருளாயின் அதில் தெரியும் பிம்பத்தையும் பார்க்கலாம். மேடையில் நின்றவளின் கோப்பையில் கூட்டமும் நாற்காலிகளும் தெரிந்திருக்க வேண்டும். நம் படத்தின் கோப்பையிலோ வெறுந்திடல்தான் தெரிந்தது. ஆனால் இம்முறைக்கு எல்லை உண்டு. பொருந்தாமை பொய்யை வெளிப்படுத்தும். பொருத்தம் உண்மையை நிலைநாட்டாது. கைதேர்ந்தவர் எல்லாவற்றையும் பொருத்திவிடுவார். எனவே படத்தைக் காக்கும் இறுதி அரண், அதை வெளியிடுகிறவரின் மனச்சான்றுதான்.

அந்த மனச்சான்றைச் சோதிக்க நாம் கண்டுகொண்ட அளவுகோல் மிகச் சிறியது. படத்தின்கீழ் ஒரே ஒரு வரி: ‘கோப்பை பின்னர் சேர்க்கப்பட்டது.’ இந்த வரியை எழுத மனம் ஒப்பினால் சேர்ப்பதில் வஞ்சகம் இல்லை. அது குருத்தோலை ஏந்திய ஓவியத்தோடு சேர்ந்துவிடும். எழுத மனம் கூசினால், எதை மறைக்க விரும்புகிறோம் என்பது அந்தக் கூச்சத்திலேயே தெரிந்துவிடும். அன்று அந்த வரியை எழுதலாம் என்று குழுவில் எவரும் சொல்லவில்லை. எழுதினால் ‘ஏன் அன்றே கொடுக்கவில்லை?’ என்று ஊர் கேட்கும் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பங்கின் அடுத்த திங்கள் மடலில் நாம் திருத்தம் வெளியிட்டோம். விழாவன்று கோப்பை வரவில்லை என்பதையும், அதற்கு யார் பொறுப்பு என்பதையும், வெளியான படத்தில் இருந்த கைகள் வேறொருவருடையவை என்பதையும் எழுதினோம். போட்டியின் முடிவுப் பட்டியலையும் சேர்த்து அச்சிட்டோம். மேலே விழாவன்று எடுத்த படத்தை, உறையோடு இருந்தபடியே போட்டோம். கீழே மற்றொரு படம். அதை எடுத்த நாளையும் இடத்தையும் அதன் அடியில் குறித்தோம். அவள் வீட்டு வாசலில், காயப் போட்ட பாசிக்குப் பக்கத்தில், கோப்பையோடு அவள் நிற்கிறாள். விரல்களில் வடுக்கள் தெரிகின்றன. தோள் பாரத்தால் சற்றே இறங்கியிருக்கிறது.